வீடு காலி செய்தாச்சு. உங்கள் ஆதார் நகல் இன்னும் எத்தனை பேரிடம் இருக்கிறது?

2022 மே 27. ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஒரு செய்திக்குறிப்பு வெளியிட்டது. ஆதார் நகலை எந்த நிறுவனத்திடமும் கொடுக்காதீர்கள், அது தவறாகப் பயன்படுத்தப்படலாம், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்கள் என்றது அந்தக் குறிப்பு. இரண்டே நாளில், மே 29 அன்று, மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அதைத் திரும்பப் பெற்றது. ஃபோட்டோஷாப்பில் மாற்றிய ஓர் ஆதாரைத் தவறாகப் பயன்படுத்த நடந்த முயற்சியை ஒட்டி வந்த குறிப்பு அது, மக்கள் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது, வழக்கமான கவனத்துடன் இருந்தாலே போதும் என்று விளக்கமும் வந்தது.

குறிப்பு போனாலும் கேள்வி போகவில்லை. பெங்களூருவில் வாடகைக்கு வீடு பிடித்த யாருக்கும் அந்த ‘வழக்கமான கவனம்’ எப்படி இருக்கும் என்று தெரியும்: “ஆதார் ஃபோட்டோ வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க.” அனுப்பிவிடுகிறோம். வீடு மாறிய பிறகு அந்தப் படம் என்ன ஆகிறது?

ஒரு நகல் எத்தனை நகலாகிறது?

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் மாரத்தஹள்ளியில் வீடு எடுக்கிறார். ஆதார் படத்தை புரோக்கருக்கு அனுப்புகிறார். புரோக்கர் ஓனருக்கு ஃபார்வர்டு செய்கிறார். ஓனர் அதை ஈ-ஸ்டாம்ப் வாங்கி ஒப்பந்தம் டைப் செய்துதரும் கடைக்கு அனுப்புகிறார். இதற்குள் படம் நான்கு பேரிடம் இருக்கிறது. ஒவ்வொரு ஃபோனிலும் கேலரி, வாட்ஸ்அப் பேக்கப், கூகுள் ஃபோட்டோஸ் என்று அது மேலும் பரவலாம். கடையின் கம்ப்யூட்டரில் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரிலும் ஒன்று தங்கும்.

ஆனால் உண்மையான சிக்கல் அடுத்த கட்டத்தில்தான். கடைக்காரர் ஆதாரின் 12 எண்களையும் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில், அப்பா பெயர், நிரந்தர முகவரி, பான் எண்ணோடு சேர்த்து டைப் செய்கிறார். அந்த ஒப்பந்தம் பிறகு ஹெச்ஆர்ஏ சலுகைக்காக ஆபீஸுக்கும், முகவரி மாற்ற பேங்குக்கும், கேஸ் இணைப்புக்கும் போகும். 11 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது, கடையில் பழைய வேர்ட் ஃபைலைத் திறந்து தேதியையும் வாடகையையும் மட்டும் மாற்றுவார்கள். அடுத்த வாடிக்கையாளருக்கும் அதே ஃபைல் மாதிரியாகிவிட்டால், உங்கள் விவரம் இன்னொருவர் கண்ணில் படும்.

எதை எவ்வளவு நாள் வைக்க வேண்டும்?

இரண்டு ஆவணங்களுக்கும் ஆயுள் வேறு. ‘இவர் யார்’ என்று ஓனர் உறுதி செய்யும் நிமிடத்திலேயே அடையாள நகலின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கூடிப்போனால் அட்வான்ஸ் கணக்கு முடியும்வரை அது இருக்கலாம்.

ஒப்பந்தம் அப்படியில்லை. வாடகை பாக்கிக்கு வழக்குப் போட, பாக்கி விழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது காலவரையறைச் சட்டம். வருமானவரித் துறை பின்னாளில் ஹெச்ஆர்ஏ பற்றிக் கேட்டால் உங்களுக்கும் அது வேண்டும். அதனால் வீடு காலி செய்த பிறகும் ஓனர் ஒப்பந்தத்தை வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. அழிக்கச் சொன்னால் அவர் மறுப்பதும் சரிதான்.

சீக்கிரம் அழிய வேண்டிய எண், ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டிய காகிதத்தில் ஏறிவிடுவதுதான் பிரச்சினை. ஆதார் எண் ஒப்பந்தத்துக்குள் போய்விட்டால், பிறகு யார் எதை டிலீட் செய்தாலும் எண் அங்கேயே இருக்கும். அதைத் தடுக்க வேண்டிய இடம் கையெழுத்துக்கு முந்தைய டிராஃப்ட். “ஆதாரின் கடைசி நான்கு எண் மட்டும் போடுங்க” என்று அப்போதே சொல்லிவிடலாம்.

மாஸ்க்டு ஆதாரில் கவனிக்க வேண்டியவை

myaadhaar.uidai.gov.in தளத்தில் டவுன்லோட் செய்யும்போதே மாஸ்க்டு ஆதாரைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் எட்டு எண்களும் மறைந்துவிடும். அந்த பிடிஎஃப் கேட்கும் பாஸ்வேர்டை நம்ப வேண்டாம். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது, RAVI1994 மாதிரி. உங்கள் பெயரும் வயதும் தெரிந்த ஓனருக்கோ கடைக்காரருக்கோ அது ஒரு பூட்டே இல்லை.

பழைய ஆதார் அட்டையின் ஃபோட்டோவில் எண்ணை நீங்களே கறுப்படித்து அனுப்பினால் வேறொரு ஓட்டை இருக்கிறது. 2018-க்கு முன் அச்சான அட்டைகளின் க்யூஆர் கோடில் முழு எண்ணும் சாதாரண எழுத்தாகவே இருந்தது. அதை எந்த ஸ்கேனரும் படித்துவிடும். அதனால் புதிதாக டவுன்லோட் செய்த மாஸ்க்டு ஆதாரே பாதுகாப்பு.

சட்டம் உதவுமா?

ஓரளவுக்கு. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எந்த நோக்கத்துக்காகத் தரவு வாங்கப்பட்டதோ அது முடிந்ததும் அழிக்க வேண்டும். வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் மட்டும் விலக்கு. ஆனால் இந்தப் பகுதி உடனே அமலாகவில்லை. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது இதற்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அதாவது 2027 மே.

பிஜி நடத்துபவர்கள், வீடுகளை நிர்வகிக்கும் நிறுவனங்கள், புரோக்கர் ஆபீஸ்கள் எல்லாம் இதற்குள் வரும். ஒரே ஒரு மாடியை வாடகைக்கு விடும் ஓனர் வருவாரா என்பது விவாதத்துக்கு உரியது. தனிநபர் தன் சொந்த அல்லது வீட்டு உபயோகத்துக்காகக் கையாளும் தரவுக்குச் சட்டம் விலக்கு தருகிறது. வாடகை வாங்குவது அதில் சேருமா என்று சட்டம் நேரடியாகச் சொல்லவில்லை. இன்னொன்று, ஸ்கேன் செய்யப்படாமல் ஃபைலில் இருக்கும் ஜெராக்ஸ் காகிதத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதைக் கையில் திருப்பி வாங்குவது ஒன்றுதான் வழி.

சாவி கொடுக்கும் நாளில்

அட்வான்ஸ் கைக்கு வரும்வரை எதையும் அழிக்கச் சொல்ல வேண்டாம். வந்த பிறகு ஒரு மெசேஜ் போதும்:

“சார், சாவி கொடுத்தாச்சு, அட்வான்ஸும் வந்துடுச்சு, நன்றி. ஒப்பந்தத்தை நீங்க வச்சுக்கலாம். என் ஆதார், பான், ஆபீஸ் ஐடி படங்களை மட்டும் உங்க ஃபோன்லயும் கூகுள் ஃபோட்டோஸ்லயும் டிலீட் பண்ணிட்டு ஒரு ‘ஓகே’ போடுங்க. டிராஷையும் காலி பண்ணிடுங்க.”

டிராஷைத் தனியாகச் சொல்லக் காரணம், கூகுள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படம் டிலீட் செய்த பிறகும் 60 நாள் அங்கே கிடக்கும். கூகுள் டிரைவில் 30 நாள். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் வழியே வந்த பிடிஎஃப்-கள் `Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Documents` என்ற ஃபோல்டரில் இருக்கும். அங்கே ஒருமுறை பார்த்தால் பழைய வாடகைதாரர்கள் எல்லோரும் வரிசையாக இருப்பார்கள். வாட்ஸ்அப்பில் ‘எல்லோருக்கும் டிலீட்’ செய்யும் வசதி சுமார் இரண்டு நாளுக்குத்தான். பதினோரு மாதம் கழித்து அது உதவாது. ஐஃபோனில் படம் ஃபோட்டோஸில் சேமிக்கப்பட்டிருந்தால், அந்த இரண்டு நாளுக்குள் அழித்தாலும் அங்கே தங்கிவிடலாம்.

இதே மெசேஜை புரோக்கருக்கும் ஒப்பந்தம் டைப் செய்த கடைக்கும் அனுப்புங்கள். அவர்கள் உண்மையிலேயே அழித்தார்களா என்று வெளியிலிருந்து சரிபார்க்க வழியில்லை. அதனால்தான் முதல் நாளே முழு எண்ணைக் கொடுக்காமல் இருப்பது முக்கியம்.

கடைசியாக உங்கள் ஃபோனையும் பாருங்கள். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஹெச்ஆர்ஏவுக்கு ஓனரின் பான் எண்ணைக் கேட்டு வாங்கியிருப்பீர்கள். ஆபீஸில் கொடுத்த பிறகும் அந்த கார்டின் படம் உங்கள் கேலரியில் இருக்கிறதா?