மத்தளம்பாறைக்குச் சான்றிதழ், குற்றாலத்துக்கு வக்கீல்

தரவுப் பாதுகாப்பில் சான்றிதழ் வாங்கினால் வேலை நிச்சயம் என்ற விளம்பரம் கடையம், தென்காசிப் பிள்ளைகளின் கைப்பேசி வரை வந்துவிட்டது. சட்டக் கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் பிள்ளை கேட்கிறாள். வங்கியில் இணக்கப் பிரிவில் இருப்பவர் கேட்கிறார். கம்பெனி செக்ரட்டரி தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் தம்பியும் கேட்கிறான். பணம் கட்டலாமா, வேண்டாமா என்பதே எல்லோருடைய கேள்வியும். கட்டினால் எந்த வேலைக்குக் கட்டுகிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்வதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் நம் வட்டாரத்திலேயே இந்தத் துறையின் இரண்டு வேறுபட்ட வேலைகள் இருக்கின்றன. ஒன்றுக்குச் சான்றிதழ் உதவும். மற்றொன்றுக்கு அது தேவையே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் பதினெட்டு மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. பெரிய அளவில் தரவைக் கையாளும் நிறுவனங்களை அரசு தனியாக அறிவிக்கும். அவை இந்தியாவில் இருக்கும் ஒருவரைத் தரவுப் பாதுகாப்பு அதிகாரியாக அமர்த்த வேண்டும் என்கிறது பத்தாவது பிரிவு. அந்த அதிகாரி இன்ன தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று சட்டத்திலும் இல்லை, விதிகளிலும் இல்லை. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டமும் அப்படித்தான். அதன் 37ஆம் பிரிவு நிபுணத்துவ அறிவைக் கேட்கிறது, எந்தச் சான்றிதழையும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. வக்கீலாகத் தொழில் செய்ய பார் கவுன்சில் பதிவு எப்படிக் கட்டாயமோ, அப்படிக் கட்டாயமான சான்றிதழ் இந்தத் துறையில் இல்லை. இதை மறைத்துப் பணம் வாங்கும் பயிற்சி நிலையங்கள் மாணவர்களுக்கு அநியாயம் செய்கின்றன.

சந்தையில் அதிகம் கேட்கப்படுவது ஐஏபிபி என்ற அமெரிக்கச் சங்கத்தின் சான்றிதழ்கள். ஐரோப்பியச் சட்டத்துக்கு சிஐபிபி-இ, நிர்வாகத்துக்கு சிஐபிஎம், தொழில்நுட்பத்துக்கு சிஐபிடி. சிஐபிபி-இ தேர்வில் தொண்ணூறு கேள்விகள், இரண்டரை மணி நேரம். 550 டாலர் கட்டணம் நம் பணத்தில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய். தேறியதோடு செலவு முடிவதில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பராமரிப்புக் கட்டணம் உண்டு, இருபது மணி நேரம் தொடர்ந்து படித்ததற்கான கணக்கும் காட்ட வேண்டும். நம் நாட்டில் நாஸ்காம் தொடங்கிய டிஎஸ்சிஐ அமைப்பு டிசிபிபி என்ற சான்றிதழைத் தருகிறது. இந்திய நிறுவனங்களின் நடைமுறைக்கு அதுவே நெருக்கமானது.

இந்தப் பணத்தை யார் கட்டலாம்? மத்தளம்பாறை வகை வேலைக்குப் போகிறவர் கட்டலாம். 2011இல் தென்காசிப் பக்கம் வந்து மத்தளம்பாறையில் இயங்கும் ஜோஹோவை எல்லோரும் அறிவோம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் மென்பொருளை இங்கே உட்கார்ந்து உருவாக்கவும் பராமரிக்கவும் முடியும் என்று அது காட்டியது. அத்தகைய நிறுவனம் எதுவானாலும், அதன் கணினித் திரையில் வந்து விழுவது வேறு யாரோ பொறுப்பேற்றிருக்கும் மனிதர்களின் விவரங்கள். அங்கே என்ன நடக்கும் என்பதற்கு ஒரு நிகழ்வைக் கற்பனை செய்து பார்க்கலாம்.

நம் மாவட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனம். ஜெர்மனியில் செருப்பு விற்கும் கடை ஒன்று அதன் வாடிக்கையாளர். வெள்ளிக்கிழமை மாலை, ஒரு புகாரைச் சரிசெய்வதற்காக இங்கிருக்கும் பொறியாளர் அந்தக் கடையின் வாடிக்கையாளர் பட்டியலை இறக்கிக்கொள்கிறார். பெயர், முகவரி, வாங்கிய பொருள் என்று சில ஆயிரம் பேரின் விவரங்கள். அதை இணைக்கும்போது கைதவறி இன்னொரு நிறுவனத்தின் புகாருக்குப் பதிலாக அனுப்பிவிடுகிறார். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரிகிறது.

இப்போது மூன்று விதமான சட்டங்கள் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஜெர்மன் கடைதான் ஜிடிபிஆரின்படி பொறுப்பாளர்; நம் நிறுவனம் செயலாக்குபவர் மட்டுமே. செயலாக்குபவர் தாமதமின்றிக் கடைக்குச் சொல்ல வேண்டும். கடை தனக்கு விஷயம் தெரிந்ததிலிருந்து 72 மணி நேரத்துக்குள் தன் நாட்டு மேற்பார்வை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். நம் நிறுவனம் சொன்னபோதுதான் கடைக்குத் தெரிந்தது என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் கருதுகிறது. அதனால் இங்கே ஒரு வாரம் மறைத்தால் கடையின் கெடு தொடங்காமல் இருக்கலாம், ஆனால் நம் நிறுவனம் தன் கடமையைத் தவறியதாகும். கையெழுத்திட்ட ஒப்பந்தமும் மீறப்படும். தவறுதலாகப் பெற்றவர் நம்பத்தக்கவராக இருந்து, படிக்காமல் அழித்துவிட்டேன் என்று எழுத்தில் உறுதி தந்தால், ஆபத்து இல்லை என்று கடை முடிவு செய்து மேற்பார்வை அமைப்புக்குச் சொல்லாமலும் விடலாம். அந்த முடிவை எடுக்க வேண்டியது கடை. அதற்கான விவரத்தைக் கோத்துக் கொடுக்க வேண்டியது இங்கிருக்கும் இணக்க அதிகாரி: எத்தனை பேர், எந்த வகை விவரம், யாருக்குப் போனது, என்ன செய்தோம்.

இதுவரை சிஐபிபி-இ பாடத்திட்டம் கைகொடுக்கும். இதற்கு மேல் கொடுக்காது. வெளிநாட்டில் இருப்பவரின் தரவை வெளிநாட்டு நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவில் கையாண்டால், நம் சட்டத்தின் பெரும்பாலான கடமைகளிலிருந்து 17ஆம் பிரிவு விலக்கு தருகிறது. எனவே 2027க்குப் பிறகும், இந்த நிகழ்வை இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குத் தெரிவிக்கும் கடமை எழாது. ஆனால் போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் கடமைக்கு விலக்கு இல்லை. அதைத் தவறவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இதோடு செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவும் இருக்கிறது. தரவுக் கசிவு போன்ற சம்பவங்களைக் கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் அறிக்கை செய்ய வேண்டும் என்பது அது. வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு இந்த ஆறு மணி நேரக் கெடுதான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கும். ஐரோப்பியச் சட்டத்தை மட்டும் கரைத்துக் குடித்தவர் இங்கேதான் கோட்டை விடுவார்.

ஆகவே, வெளிநாட்டு ஒப்பந்தங்களை வாசித்துத் திருத்தும் சட்டப் பிரிவில் ஏற்கெனவே இருப்பவருக்கு சிஐபிபி-இ பயன்படும். எதிர்த்தரப்பு வக்கீல் பேசும் சொற்களையே இவரும் பேச முடியும். வேலைக்கு ஆள் எடுப்பவரும் விண்ணப்பக் குவியலில் அதைத் தேடுவார். வங்கி, காப்பீடு, பெரிய மருத்துவமனை போன்றவற்றின் இணக்கப் பிரிவில் இருப்பவருக்கு டிசிபிபியோ சிஐபிஎம்மோ பொருந்தும். அவருடைய வேலை எந்தப் பிரிவில் எந்தத் தரவு கிடக்கிறது என்று கணக்கெடுப்பதும், யார் யாரிடம் அது போகிறது என்று பதிவேடு வைப்பதும்தான். ஒரு நாள்கூட அந்த வேலையைப் பார்க்காதவர் சான்றிதழோடு மட்டும் வந்தால், முதல் நேர்காணலிலேயே தெரிந்துவிடும். உங்கள் நிறுவனத்தின் தரவுப் பதிவேட்டை எப்படித் தயாரித்தீர்கள் என்று கேட்டால் பாடநூலில் பதில் கிடைக்காது.

இனிக் குற்றாலத்துக்கு வருவோம். சீசனில் லாட்ஜுக்கு வருகிறவரிடம் ஆதார் கேட்கிறார்கள். ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைத்தால் அது இந்தச் சட்டத்துக்குள் வராது. சட்டம் டிஜிட்டல் தரவை மட்டுமே தொடுகிறது. ஆனால் இன்று வரவேற்பறையில் இருக்கும் பையன் ஆதாரைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். அந்த நொடியில் லாட்ஜ் முதலாளி சட்டத்தின் கண்ணில் தரவுப் பொறுப்பாளர் ஆகிறார்.

அவர் என்ன செய்ய வேண்டும்? தங்குபவரின் விவரத்தை அரசுக்குத் தருவது ஏதேனும் ஒரு சட்டத்தின்படி அவருடைய கடமை என்றால், அந்த அளவுக்குத் தனியாகச் சம்மதம் தேவையில்லை. ஏழாவது பிரிவு அதை அனுமதிக்கிறது. அதே கைப்பேசி எண்ணுக்கு அடுத்த சீசனில் சலுகைச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது சட்டம், அதில் தமிழும் அடங்கும். சந்தேகம் கேட்கவும் புகார் சொல்லவும் ஒருவரின் தொடர்பு விவரத்தை வெளியிட வேண்டும். நோக்கம் முடிந்ததும் அழிக்க வேண்டும். ஆனால் 2025 விதிகள் சில காரணங்களுக்காகத் தரவையும் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்கின்றன. விதிகள் வருவதற்கு முன் தயாரான பயிற்சிக் குறிப்புகளை நம்பி, உடனே அழித்துவிடுங்கள் என்று சொல்கிறவர் முதலாளியை மாட்டிவிடுவார். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் சந்தையில் சுற்றும் குறிப்புகளில் பல அந்தக் காலத்தவை.

இந்த வேலைக்கு எந்த வெளிநாட்டுச் சான்றிதழும் வேண்டாம். சட்டம் 44 பிரிவுகள்தான். அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்து முடிக்கலாம். அதைப் படித்து, எளிய தமிழில் ஒரு பக்க அறிவிப்பு எழுதிக் கொடுத்து, வாட்ஸ்அப் குழுவைக் கலைக்கச் சொல்லும் உள்ளூர் வக்கீல் போதும். லாட்ஜ், ஸ்கேன் சென்டர், நகைச்சீட்டு நடத்தும் கடை, டியூஷன் சென்டர் என்று அவருக்கு வாடிக்கையாளர்கள் வரிசையாக இருக்கிறார்கள். டியூஷன் சென்டர் இன்னும் கடினம்: பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரும் இந்தச் சட்டத்துக்குக் குழந்தைகள், பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். கல்விக்கூடங்களுக்கு விதிகள் தரும் விலக்கும் குறிப்பிட்ட செயல்களுக்கு மட்டுமே.

வழக்காடி வாழ நினைக்கும் இளம் வக்கீல்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு இல்லை. அபராதம் முழுவதும் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இழப்பீட்டுக்கு வழி வைத்தது. புதிய சட்டம் அதை 2027 மே முதல் நீக்குகிறது. சாதாரண உரிமையியல் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. இது மக்களுக்கு இழைக்கப்பட்ட குறை என்று நான் கருதுகிறேன். விபத்து வழக்கைப் போல நஷ்டஈட்டை நம்பி இங்கே தொழில் நடத்த முடியாது. வருமானம் ஆலோசனையிலும் ஒப்பந்தத்திலும்தான் வரும். வாரியம் டிஜிட்டல் அலுவலகமாக இயங்கும் என்பதால், மனுதாரருக்காகத் தென்காசியில் இருந்தபடியே வாதிடும் வாய்ப்பும் இருக்கிறது. மேல்முறையீடு 60 நாளுக்குள் டெல்லியில் இருக்கும் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்துக்குப் போகும்.

திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு என் பதில் இதுதான். இந்த ஆண்டு ஐம்பதாயிரத்தைத் தொடாதே. சட்டத்தையும் விதிகளையும் வரிவரியாகப் படி. ஊரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கோ லாட்ஜுக்கோ தரவுப் பதிவேடும் தமிழ் அறிவிப்பும் கட்டணமில்லாமல் செய்து கொடு. அவற்றை ஒரு கோப்பில் வை. நேர்காணலில் அந்தக் கோப்பைத் திறந்து காட்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர் உள்ள நிறுவனத்தில் வேலை கிடைத்தால், சேரும்போதே தேர்வுக் கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா என்று கேள். அந்தச் சான்றிதழால் முதலில் பயன் பெறப்போவது நிறுவனம்தான்.