மார்ஜினைக் கூட்டினால் பார்டர் நகராது

கல்லூரிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் டிடிபி கடைகளில் புராஜெக்ட் ரிப்போர்ட் சமர்ப்பிக்கும் வாரத்தில் ஒரே புகார் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தைச் சுற்றிக் கட்டம் போட்டிருப்பார்கள். பிரின்ட் எடுத்தால் மூன்று பக்கமும் கோடு வரும், கீழே மட்டும் வராது. உடனே யாராவது சொல்வார்கள்: "மார்ஜினைக் கொஞ்சம் கூட்டிவிடுப்பா, சரியாகிவிடும்." கடைக்காரர் சொல்வார், சீனியர் மாணவர் சொல்வார், அலுவலக டைப்பிஸ்ட்டும் சொல்வார். இந்த ஆலோசனை தவறு. அது நகர்த்த வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றை நகர்த்துகிறது. அதனால் மாணவர்களின் காகிதமும் காசும் கடைசி நேரமும் வீணாகின்றன.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் Page Borders வழியாகக் கட்டம் போட்டால், அது இயல்பாகத் தாளின் விளிம்பிலிருந்து அளந்து வைக்கப்படுகிறது. அந்தப் பெட்டியின் Options பொத்தானை அழுத்தினால் Measure from என்ற இடத்தில் Edge of page என்றும், நான்கு பக்கத்துக்கும் 24 pt என்றும் இருக்கும். 72 பாயின்ட் ஓர் அங்குலம் என்பதால் 24 பாயின்ட் என்பது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். மார்ஜின் என்பது எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று சொல்லும் அளவு. நீங்கள் கீழ் மார்ஜினை ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலமாக்கினால் எழுத்து மேலே ஏறும். கோடு தாளின் விளிம்பைப் பார்த்து நிற்பதால் அதே எட்டரை மில்லிமீட்டரில்தான் இருக்கும். அடுத்த பிரின்ட்டிலும் அது வராது. அதோடு ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று வரிகள் அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு, படங்கள் இடம் மாறி, பொருளடக்கத்தில் போட்ட பக்க எண்கள் எல்லாம் பொய்யாகிவிடும். இருந்த கோளாறு தீராமல் புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்கிறது.

அப்படியானால் இந்த ஆலோசனை ஏன் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது? சில கோப்புகளில் அது பலிக்கிறது என்பதுதான் காரணம். Measure from என்ற இடத்தில் Text என்று யாரோ ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தால், கோடு எழுத்தைப் பார்த்து நிற்கும். அப்போது மார்ஜின் நகர்ந்தால் கோடும் கூடவே நகரும். பலித்த அந்தச் சில கோப்புகளின் நினைவில்தான் மற்ற எல்லாக் கோப்புகளுக்கும் அதே வைத்தியம் சொல்லப்படுகிறது.

அடுத்த வாதம், பிரின்டர் கெட்டுவிட்டது என்பது. நன்றாக ஓடும் பிரின்டரும் தாளின் ஓரத்தில் அச்சிடாமல் ஒரு பட்டையை விட்டுவிடும். அதன் வடிவமைப்பே அப்படித்தான். லேசர் பிரின்டரில் டோனர் தூள் தாளில் படிந்த பிறகு சூடான உருளைக்குள் போய் உருகி ஒட்டுகிறது. தாளின் முன் விளிம்பு வரை தூள் இருந்தால் அந்த விளிம்பு உருளையை விட்டுப் பிரியாமல் அதிலேயே சுற்றிக்கொள்ளக் கூடும். தாள் ஓரிரு மில்லிமீட்டர் விலகி ஓடினால் தூள் தாளுக்கு வெளியே விழுந்து, அடுத்து வரும் தாள்களின் முதுகில் கறையாக ஒட்டும். இதைத் தவிர்க்கத்தான் பெரும்பாலான லேசர் பிரின்டர்கள் சுற்றிலும் நான்கு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வெற்றாக விடுகின்றன.

இங்க்ஜெட்டில் காரணம் வேறு. கீழ்க்கோடு மட்டும் காணாமல் போவதன் விளக்கமும் அங்கேதான் இருக்கிறது. மைத் தலைக்கு முன்னால் இருக்கும் முக்கிய உருளைதான் தாளை அளந்து அளந்து தள்ளுகிறது. தாளின் கடைசிப் பகுதி வரும்போது அந்த உருளையின் பிடி விட்டுப்போகும். பிறகு வெளியே இழுக்கும் சிறு சக்கரங்கள் மட்டும்தான் தாளைப் பிடித்திருக்கும். அவற்றுக்கு அத்தனை துல்லியம் கிடையாது. அதனால் பல மாடல்கள், குறிப்பாகப் பழையவை, மேலேயும் பக்கவாட்டிலும் மூன்று மில்லிமீட்டர் விட்டாலும், கீழே அரை அங்குலம் வரை விட்டுவிடும். எட்டரை மில்லிமீட்டரில் நிற்கும் கோடு மேலேயும் இருபுறமும் தப்பித்து, கீழே மட்டும் அந்தப் பட்டைக்குள் விழுகிறது.

உண்மையிலேயே தாள் விலகி ஓடினால் அதற்கு வேறு அடையாளம் உண்டு. ஒரு ஸ்கேலை எடுத்துத் தாளின் எதிர்ப்பக்கத்தை அளந்து பார்க்க வேண்டும். கீழ்க்கோடு இல்லை, மேல்கோடு சரியாக எட்டரை மில்லிமீட்டரில் இருக்கிறது என்றால், அது அச்சிடாத பட்டையின் வேலை. ஒரு பக்கம் கோடு போய், எதிர்ப்பக்க இடைவெளி அதே அளவு கூடியிருந்தால், தட்டில் தாளை அணைத்து நிற்கும் வழிகாட்டி தளர்ந்திருக்கிறது. கோடு ஒரு முனையில் இருந்து மறுமுனையில் மெல்ல மறைந்தால் தாள் கோணலாகப் போயிருக்கிறது. வலக்கோட்டைக் காணோம், கீழே மட்டும் 26 மி.மீ. அளவுக்கு அகலமான வெற்றிடம் என்றால், கோப்பு லெட்டர் அளவில் இருக்கிறது, தாளோ ஏ4. லெட்டர் 215.9 மி.மீ. அகலமும் 279.4 மி.மீ. உயரமும் கொண்டது, ஏ4 தாள் 210க்கு 297. சுருக்காமல் அச்சிட்டால் வலக்கோடு ஏ4 தாளின் விளிம்பிலிருந்து இரண்டரை மில்லிமீட்டரில் போய் விழும், பெரும்பாலான பிரின்டர்களுக்கு எட்டாது. இந்த நிலையில் பார்டரைத் தொடவே வேண்டாம். Size பட்டியலில் A4 என்று மாற்றினால் போதும்.

"திரையில் சரியாகத்தானே தெரிகிறது, வேர்டும் எதுவும் சொல்லவில்லையே" என்று சிலர் கேட்பார்கள். வேர்ட் எச்சரிக்கும்தான், ஆனால் அது மார்ஜின்களைப் பற்றி. கட்டம் எங்கே நிற்கிறது என்பதற்கு அந்த எச்சரிக்கை வராது. மேலும் அது அந்த நேரத்தில் தேர்ந்தெடுத்திருக்கும் பிரின்டரைப் பொறுத்தது. வீட்டுக் கணினியில் Microsoft Print to PDF தேர்வாகி இருந்தால், அதற்குத் தாளும் இல்லை, உருளையும் இல்லை, விட வேண்டிய பட்டையும் இல்லை. கோப்பு கடைக்குப் போன பிறகுதான் உண்மையான எல்லை தெரியவரும்.

இந்த எச்சரிக்கையையே நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம். கடைக் கணினியில் ஒரு வெற்று ஆவணத்தைத் திறந்து, அச்சிடப் போகும் பிரின்டரைத் தேர்ந்தெடுத்து, Custom Margins பெட்டியில் நான்கு மார்ஜினையும் 0 ஆக்கி OK கொடுங்கள். மார்ஜின்கள் அச்சிடும் பகுதிக்கு வெளியே இருக்கின்றன என்று எச்சரிக்கை வரும். Fix பொத்தானை அழுத்தினால், அந்த பிரின்டர் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவுகளை வேர்டே நிரப்பிக் காட்டும். அந்த நான்கு எண்களைக் குறித்துக்கொண்டு ஆவணத்தைச் சேமிக்காமல் மூடிவிடலாம்.

கீழே 12.7 மி.மீ. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். Edge of page முறையில் வேர்ட் அனுமதிக்கும் அதிகபட்ச தூரம் 31 பாயின்ட், அதாவது 11 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆகவே இந்த பிரின்டரில் விளிம்பிலிருந்து அளக்கும் வழியே கிடையாது. Measure from என்பதை Text ஆக்கி, நான்கு பக்கமும் 12 pt கொடுக்க வேண்டும். மார்ஜின் ஓர் அங்குலம் என்றால் கோடு விளிம்பிலிருந்து 60 பாயின்ட்டில், சுமார் 21 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். தாராளமாக அச்சாகும்.

இங்கேயும் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அதே பெட்டியில் Surround footer என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் இருந்தால், பக்க எண்ணையும் உள்ளே வைத்துக்கொள்ளும்படி கீழ்க்கோடு ஃபுட்டருக்கும் கீழே இறங்கும். ஃபுட்டர் வழக்கமாக விளிம்பிலிருந்து அரை அங்குலத்தில் இருப்பதால், கோடு அதற்கும் கீழே, மறுபடி அந்தப் பட்டைக்குள்ளேயே போய்விடும். Text என்று மாற்றியும் வரவில்லையே என்று குழம்புவது இதனால்தான். பக்க எண் கட்டத்துக்கு வெளியே இருந்தால் பரவாயில்லை என்றால் டிக்கை எடுத்துவிடலாம். உள்ளேதான் வேண்டும் என்று துறையில் சொல்லியிருந்தால், Footer from Bottom என்ற அளவை 20 மி.மீ. ஆக்குங்கள். கோடு ஏறக்குறைய 16 மில்லிமீட்டரில் நிற்கும். ஃபுட்டர் மேலே ஏறியதால் அதற்கு இடம்விட, கீழ் மார்ஜினை 30 மில்லிமீட்டர் அளவுக்குக் கூட்டவும் வேண்டும். மார்ஜினைக் கூட்டுவதற்கு உண்மையான தேவை இங்கே வருகிறது, அதுவும் ஃபுட்டருக்காகத்தான். இதில் வரிகள் சற்று இடம் மாறும் என்பதால் பொருளடக்கத்தைக் கடைசியில் ஒருமுறை புதுப்பித்துவிட வேண்டும்.

"பிடிஎஃப் ஆக்கி எடுத்தால் எல்லாம் வந்துவிடும்" என்பது இன்னொரு நம்பிக்கை. பிடிஎஃப் கோட்டை நகர்த்துவதில்லை. அச்சிடும் பெட்டியில் Fit என்று இருந்தால் பக்கம் முழுவதும் பிரின்டரின் எல்லைக்குள் சுருங்குகிறது, அதனால் கோடு தெரிகிறது. Actual size என்று மாற்றிப் பாருங்கள், அதே கோடு அதே இடத்தில் காணாமல் போகும். மேலே 3 மில்லிமீட்டரும் கீழே 12.7 மில்லிமீட்டரும் விடும் பிரின்டரில் பக்கம் ஏறக்குறைய 95 சதவீதமாகிறது. வெறும் எழுத்துப் பக்கத்துக்கு இது பெரிதாகத் தெரியாது. அளவோடு வரைந்த படம் இருந்தால், 100 மி.மீ. நீளக் கோடு 95 மி.மீ. ஆகிவிடும். ஸ்டிக்கர் தாளில் முகவரி அடிப்பவர்களுக்கும், ஏற்கெனவே அச்சான படிவத்தின் கட்டங்களில் எழுத்தை நிரப்புபவர்களுக்கும் இந்தச் சுருக்கம் ஆகவே ஆகாது.

பார்டர்லெஸ் வசதி உள்ள இங்க்ஜெட்டை நாடுவதும் இதற்கு மருந்தல்ல. அது புகைப்படத்துக்கானது. விளிம்பில் வெள்ளை தெரியாமலிருக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கித் தாளுக்கு வெளியே வழியவிடும். அதில் கட்டம் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, நான்கு பக்கமும் நான்கு விதமான இடைவெளியோடு வரும்.

கடைசியாக ஒரு விஷயம். ரிப்போர்ட்டை ஒரு பிரதி பிரின்ட் எடுத்து, மற்றவற்றை ஜெராக்ஸ் போடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். நகல் இயந்திரமும் தன் பங்குக்கு ஓரத்தில் சில மில்லிமீட்டரை விட்டுவிடும், கண்ணாடியில் தாள் சற்று நகர்ந்தால் இன்னும் கூடுதலாக. லேசர் பிரின்ட்டில் ஐந்தாறு மில்லிமீட்டரில் தப்பித்து நின்ற கோடு நகலில் அறுந்துபோவதைப் பார்க்கலாம். நகல் எடுக்கப் போகிறீர்கள் என்றால், மூலப் பிரதியிலேயே கோட்டை விளிம்பிலிருந்து 15 மில்லிமீட்டராவது உள்ளே வைத்து, முதல் நகலை எடுத்து நான்கு பக்கமும் பார்த்துவிட்டு மீதியைப் போடச் சொல்லுங்கள்.