வெளுத்த கருப்புக்கு மறுபடி சாயம்



கார்த்திகை நெருங்கினால் உங்கள் கடிதங்களில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. போன வருஷம் மாலை போட்டபோது வாங்கிய கருப்புச் சட்டை பழுப்பேறிவிட்டது, வீட்டிலேயே சாயம் போட்டுக்கொள்ளலாமா என்று. தாராளமாகப் போடலாம். அதற்கு முன் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துத் தையலைப் பாருங்கள். துணி வெளுத்திருக்க, தையல் நூல் மட்டும் கருகருவென்று இருந்தால் அந்த நூல் பாலியஸ்டர். துணியிலும் பாலியஸ்டர் கலந்திருக்கிறதா என்று அறிய, உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி மணியாகத் திரண்டால் கலப்பு. பருத்திச் சாயம் அதில் பாதிதான் ஏறும்.

துணி நரைத்துத் தெரிவதற்குக் காரணம் எப்போதும் சாயம் போனதுதான் என்று சொல்ல முடியாது. காலர் மடிப்பிலும் கை ஓரத்திலும் தேய்ந்து மேலெழுந்த பஞ்சுத் துகள் வெளிச்சத்தைச் சிதறடித்தாலும் சாம்பல் பூத்தது போலத்தான் இருக்கும். சட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். நனைந்ததும் நல்ல கருப்பாகத் தெரிந்தால் சாயம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது, மறுபடி போட்டுப் பெரிய பலன் இராது. நனைந்த பிறகும் பழுப்பாகவே நின்றால் சாயம் போடலாம்.

பருத்திக்கு நான் சொல்வது ரியாக்டிவ் சாயம். 1956-இல் சந்தைக்கு வந்த இந்த வகை, இழையின் மேல் ஒட்டி நிற்காமல் அதோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடுகிறது. இதில் வெந்நீர் வகையும் உண்டு. வீட்டுக்குச் சாதாரணத் தண்ணீரில் பிடிக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

காய்ந்த சட்டை 250 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மற்ற நிறங்களுக்கு ஐந்தாறு கிராம் சாயம் போதும். கருப்புக்கு 20 கிராம் வேண்டும். இங்கே கை சுருக்கினால் மிஞ்சுவது சாம்பல் நிறம்தான். 5 லிட்டர் தண்ணீர், 400 கிராம் உப்பு, 80 கிராம் சலவை சோடா. சமையலறையில் இருக்கிற ஆப்ப சோடா இதற்கு ஆகாது, காரம் போதாது. சாயம் பிணைய வேண்டுமானால் தண்ணீர் நல்ல காரமாக இருக்க வேண்டும். சிலர் கெட்டிப்படும் என்று நம்பி வினிகர் ஊற்றுகிறார்கள். அது சோடாவின் காரத்தை முறித்து, நடக்க வேண்டிய வேலையையே நிறுத்திவிடும்.

தண்ணீரையும் கவனியுங்கள். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் சோடா பட்டதும் சுண்ணாம்பு பிரிந்து, கருப்பின் மேல் வெள்ளைப் பூச்சாகப் படியும். மழைத் தண்ணீரோ வடிகட்டிய குடிதண்ணீரோ நல்லது. அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரிக்கும்; எவர்சில்வரோ பிளாஸ்டிக் வாளியோ எடுங்கள். அது பிறகு சமையலுக்குத் திரும்பக் கூடாது. பொடி மூச்சில் ஏறாமல் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டையை முதலில் சோப்பில் துவைத்து, எண்ணெயும் வியர்வையும் போக அலசி, ஈரமாகவே வைத்திருங்கள். சாயப் பொடியைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் குழைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கரையாத ஒரு துகள் போதும், முதுகில் புள்ளியாக நிற்கும். உப்புக் கரைத்த தண்ணீரில் சாயத்தைக் கலந்து, சட்டையை விரித்துப் போட்டு இருபது நிமிடம் கிளறுங்கள். பிறகு சட்டையை வெளியே எடுத்துவிட்டு, வெந்நீரில் தனியே கரைத்து ஆறவைத்த சோடாவை ஊற்றிக் கலக்கி, சட்டையை மறுபடி போடுங்கள். துணி மேலேயே சோடாவைக் கொட்டுவதால்தான் திட்டுத் திட்டாகிறது. முதல் கால்மணி நேரம் கை எடுக்காமல் கிளற வேண்டும், அடுத்த ஒரு மணி நேரம் அவ்வப்போது கிளறினால் போதும். சோடா சேர்ந்த பிறகு சாயம் தண்ணீரோடும் வினைபுரிந்து வலுவிழக்கும். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்து வைப்பது வீண்.

அலசுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இழையோடு சேராத சாயம் துணிக்குள் தங்கியிருக்கும், அதுதான் பிறகு தோளிலும் கழுத்திலும் கறையாக இறங்குகிறது. குளிர்ந்த நீரில் உப்பும் சோடாவும் போக அலசிய பிறகு, கொதித்து இறக்கிய நீரில் துளி சோப்போடு ஊறவையுங்கள். தண்ணீர் ஏறக்குறையத் தெளிகிற வரை நீரை மாற்றி மாற்றி இதையே செய்யுங்கள். கடைசியில் ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடாக இஸ்திரி போட்டுப் பாருங்கள். வெள்ளையில் கருமை ஏறினால் கொதிநீரில் இன்னொரு முறை ஊறவைத்துவிட்டு, சட்டையை உட்புறம் வெளியே திருப்பி நிழலில் காயப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்