குர்பானிக் கூட்டில் நின்றுபோன பாக்கி

அல்லாஹ்வின் அருளால் ஹஜ்ஜுப் பெருநாள் கடந்துவிட்டது. இறைச்சி பங்கிடப்பட்டு, தோலும் மதரசாவுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் பல ஊர்களில் ஒரு வேலை மட்டும் முடியாமல் கிடக்கிறது. கூட்டுக் குர்பானியில் சேர்ந்த எழுவரில் இருவரோ மூவரோ பணம் தர வேண்டியிருக்கிறது. கேட்பதற்கு நாணம். கேளாமல் விட்டாலோ மனத்தில் ஒரு கசப்பு.

இந்தப் பாக்கி பெரும்பாலும் மாட்டின் விலையில் வருவதில்லை. விலையை முன்பே கொடுத்தால்தான் வியாபாரி மாட்டை அவிழ்த்துத் தருவார். பாக்கி வருவது பின்செலவில்தான். நமக்குத் தெரிந்த ஒரு கூட்டின் கணக்கைப் பாருங்கள். ஆளுக்கு 8,000 ரூபாய் வீதம் சேர்த்து 56,000 ரூபாய்க்கு மாடு வாங்கினார்கள். பிறகு வண்டி வாடகை 2,100, நான்கு நாள் தீவனம் 700, அறுத்துக் கூறு போட்டவர்களுக்குக் கூலி 4,900, பாயும் பைகளும் 350 என்று 8,050 ரூபாய் செலவாயிற்று. அறுப்பவரின் கூலியைக் குர்பானிப் பிராணியிலிருந்தே கொடுக்கலாகாது என்பது அலீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியால் நாம் அறிந்த சட்டம். எனவே அது கைப்பணமாகவே வர வேண்டும். கணக்கு வைத்திருந்தவர் அன்று காலை எல்லாவற்றையும் தம் சட்டைப்பையிலிருந்தே கொடுத்தார். பங்குக்கு 1,150 ரூபாய் விழுந்தது. மூவர் தந்தார்கள், மூவர் தரவில்லை. 3,450 ரூபாய் நின்றுபோயிற்று.

அவர் செய்தது இன்று எல்லோரும் செய்வதுதான். வாட்ஸ்அப் குழுவில் ஏழு பெயர்களையும் வரிசையாக எழுதி, கொடுத்தவர் பெயருக்கு எதிரே பச்சை நிற அடையாளம் இட்டார். யாரையும் ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. ஆனால் அடையாளமில்லாத மூன்று பெயர்களும் சந்தியில் நிறுத்தப்பட்டவை போல் நின்றன. அம்மூவரில் ஒருவர் மறந்திருந்தார். இன்னொருவர், பெருநாளன்றே கணக்கு வைத்தவரின் தம்பி கையில் பணத்தைக் கொடுத்துவிட்டார். தம்பி அண்ணனிடம் சொல்லவில்லை. மூன்றாமவரிடம் உண்மையிலேயே பணமில்லை. கொடுத்தவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அவமானம். பணத்தைக் கொடுத்திருந்தவர் குழுவைவிட்டே வெளியேறிவிட்டார்.

பிறரைக் குறை கூறும் தகுதி நமக்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாமே இதைவிடப் பெரிய தவறொன்றைச் செய்தோம். நம்மிடம் ஓதும் சிறுவன் ஒருவனிடம், “வாப்பாவிடம் குர்பானிப் பாக்கியை நினைவுபடுத்து” என்று சொல்லி அனுப்பினோம். சொல்லும்போது வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் இருந்தார்கள். மறுநாள் அவன் தந்தை வந்தார். உட்காருங்கள் என்றோம், உட்காரவில்லை. பணத்தை மேசைமீது வைத்துவிட்டு, “ஹஜ்ரத், இதை என்னிடமே கேட்டிருக்கலாம்” என்றார். சிறுவன் நான்கு நாள் ஓத வரவில்லை. பணம் வந்துவிட்டது, ஆனால் அந்த நான்கு நாள்களுக்கு நம்மிடம் ஈடில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஒருவரின் தவற்றைத் திருத்த நினைக்கும்போது பெயர் சொல்லாமல், சிலர் இப்படிச் செய்கிறார்களே என்று பொதுவாகப் பேசுவது வழக்கம் என நபிமொழி நூல்களில் காண்கிறோம். இதைக் காட்டி, குழுவில் பொதுவாக எழுதினால் போதுமே என்பர் சிலர். பெருங்கூட்டத்தில் அது மறைப்பாகும். ஏழு பேர் மட்டுமே உள்ள குழுவில், “இன்னும் சிலர் தரவில்லை” என்பது பெயர் சொல்வதற்கு ஒப்பானதே. கொடுத்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டால் மீதிப் பெயர்கள் தாமாக வெளிப்பட்டுவிடும். ஆகவே குழுவில் போட வேண்டியது செலவுக் கணக்கு மட்டுமே: இன்னின்ன செலவு, மொத்தம் இவ்வளவு, பங்குக்கு இவ்வளவு, எப்படி அனுப்பலாம். யார் தந்தார் என்பது அதில் வேண்டியதில்லை. எத்தனை பேர் தந்தார்கள் என்ற எண்ணிக்கையும் வேண்டாம்.

ஒரு வாரம் பொறுத்து, தனியாகக் கேட்கலாம். அதற்குமுன் நம் குறிப்பையும், வங்கிக் கணக்கையும், வீட்டாரையும் ஒருமுறை விசாரித்துக்கொள்வது கடமை. மேற்சொன்ன தம்பியை அண்ணன் கேட்டிருந்தால் ஒரு மனிதர் குழுவைவிட்டுப் போயிருக்க மாட்டார். பிறகு எழுதும் சொற்கள் இப்படி இருக்கலாம்:

“அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. குர்பானிக் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பங்கின் பின்செலவு 1,150 என் குறிப்பில் வரவாகவில்லை. யாரிடமாவது கொடுத்திருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். இல்லையென்றால் வரும் வெள்ளிக்குள் அனுப்பினால் போதும். அதற்கு மேலும் அவகாசம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், நமக்குள் இருக்கட்டும்.”

மறந்தவர், கொடுத்தவர், இயலாதவர் ஆகிய மூவருக்கும் இதில் மரியாதையாக நுழைய ஒரு வாசல் உண்டு. தொகையும் நாளும் தெளிவாக இருப்பது முக்கியம். “பார்த்துச் செய்யுங்கள்” என்பது நாகரிகம் போல் தோன்றும். ஆனால் எவ்வளவு, எப்போது என்று அவரே நம்மைக் கேட்க வேண்டிய சங்கடத்தை அது உண்டாக்கும். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் தரவில்லை என்பது நமக்கு உறுதியாகத் தெரிந்திருந்தால், தந்திருப்பீர்கள் என்று நினைப்பதாக எழுதாதீர்கள். நயத்துக்காகச் சொன்னாலும் பொய் பொய்தான். அப்போது அந்த ஒரு வாக்கியத்தை விட்டுவிடலாம்.

இயலாதவர் என்று தெரிந்தால், வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறும், விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்றும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் வழிகாட்டுகிறது. ஆனால் விட்டுக்கொடுக்கும் உரிமை யாருடையது? இங்கே கூலியையும் வாடகையையும் தம் பணத்தில் கொடுத்தவர் ஒருவரே என்பதால், 1,150 அவருக்குரிய கடன், அவர் விடலாம். மாறாக, ஆறு பேரின் பணத்திலிருந்து அது நிரப்பப்பட்டிருந்தால், அவர்களிடம் கேளாமல் அவர் தள்ளுபடி செய்ய முடியாது. அவர்களிடம் கேட்கப் போனால் இயலாதவரின் நிலை ஊரறிந்துவிடும். அந்நிலையில், மனமுள்ளவர் தம் பையிலிருந்து போட்டுக் கணக்கை மூடிவிடுவதே வழி. போட்டபின் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

வசதியிருந்தும் இழுத்தடிப்பவர் வேறு. அது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருமுறை தனியாகக் கேட்டும் பயனில்லையென்றால், இருவருக்கும் வேண்டிய மூத்தவர் ஒருவரை நடுவே வைக்கலாம். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வர வேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலில் கேட்டபோது இருவர் குரலும் உயர்ந்தது. நபி (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியைக் குறைக்குமாறு கஅபிடம் சைகை செய்தார்கள். அவர் இணங்கியதும், எழுந்து மீதியைக் கொடுக்குமாறு மற்றவரிடம் கூறினார்கள். புகாரியில் வரும் செய்தி இது. நடுவர் இருபக்கமும் ஒரு வேலை வைத்தார் என்பதற்காகவே இதை நினைவூட்டுகிறோம்.

எனினும், கேட்கும் நிலையே வராமல் செய்வது எளிது. மேற்சொன்ன கூட்டினர் அடுத்த ஆண்டு ஆளுக்கு 9,500 முன்பணமாக வாங்கினார்கள். பின்செலவும் அதில் அடங்கும், மிஞ்சுவது திருப்பித் தரப்படும் என்று முதலிலேயே எழுதிக்கொண்டார்கள். விலையும் செலவும் ஏறக்குறைய முந்தைய ஆண்டைப் போலவே அமைந்ததால், பங்குக்கு 350 ரூபாய் வரை மிஞ்சியது. “இதைப் போய்த் திருப்பித் தருவதா, இருக்கட்டும்” என்றார் ஒருவர். கணக்கு வைத்தவர் கேட்கவில்லை. பெருநாளின் மூன்றாம் நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்று, சீட்டோடு பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தார். குழுவைவிட்டுப் போனவர் வீட்டுக்கும் சென்றார். அவ்வாண்டு அவரும் பங்கு சேர்ந்திருந்தார்.