இரவு 11 மணிக்கு ‘ஹாய் சார், ஒரு சின்ன சேஞ்ச்’: கிளையன்ட்டுடன் பதில் நேரத்தை எழுத்தில் பேசிக்கொள்வது எப்படி?

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, இரவு 9.40. கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தே இணையதள வேலை செய்துதரும் ஒருவரின் போனில் வாட்ஸ்அப் ஒலிக்கிறது. அனுப்பியவர் உள்ளூர் ஜவுளிக்கடைக்காரர். “தம்பி, சைட்ல ஆஃபர் விலையை மாத்தணும். காலையில ரெடியா இருக்கணும்.” டிசைனர் திறந்து பார்த்துவிட்டார், ப்ளூ டிக் விழுந்துவிட்டது. இனி பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதை இல்லை, சொன்னால் தூக்கம் இல்லை.

இது கற்பனை உதாரணம்தான். ஆனால் தனியாக கிளையன்ட் வேலை செய்யும் பலருக்கும் இந்த சீன் புதிதல்ல. ‘வேலை நேரத்துக்குப் பிறகு போனை எடுக்காமல் இருக்கும் உரிமை’ பற்றி நாடாளுமன்றம்வரை பேச்சு போயிருக்கும் நேரத்தில், இந்த டிசைனருக்கு அது உதவுமா? உதவாது என்றால் அவர் என்ன செய்யலாம்?

சட்டம் யாருக்கு?

2018 டிசம்பரில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே ‘ரைட் டு டிஸ்கனெக்ட்’ மசோதாவைத் தாக்கல் செய்தார். 2025 டிசம்பர் 5 அன்று அதே பெயரில் மீண்டும் கொண்டுவந்தார். வேலை நேரம் முடிந்தபின் வரும் அலுவலக அழைப்புக்கும் மின்னஞ்சலுக்கும் பதில் சொல்லாமல் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு என்பதுதான் இதன் சாரம். மீறும் நிறுவனத்துக்கு, ஊழியர்களின் மொத்த ஊதியத்தில் 1 சதவீதம் அபராதம் என்கிறது மசோதா.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இது தனிநபர் மசோதா. அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை. இரண்டு, நிறைவேறினாலும் அது முதலாளி–ஊழியர் உறவைப் பற்றியது. ஜவுளிக்கடைக்காரர் நம் டிசைனருக்கு முதலாளி இல்லை, வாடிக்கையாளர்.

ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் இந்த உரிமை நடைமுறையில் இருக்கிறது. 15 பேருக்குக் குறைவாக உள்ள சிறு நிறுவனங்களுக்கு அது ஓராண்டு கழித்து வந்தது. அங்கே முதலாளி மட்டுமல்ல, வேலை தொடர்பாக வாடிக்கையாளர் போன்ற வெளியாட்கள் தொடர்புகொண்டாலும் ஊழியர் பதில் தர மறுக்கலாம். ஆனால் அந்த மறுப்பு நியாயமற்றதாக இருக்கக் கூடாது. எதற்காகக் கூப்பிட்டார்கள், அதற்குத் தனியாகப் பணம் தருகிறார்களா, அந்த ஊழியரின் பொறுப்பு என்ன, குடும்பச் சூழ்நிலை என்ன என்பதையெல்லாம் பார்த்துத்தான் நியாயத்தை முடிவு செய்கிறார்கள்.

சம்பளக்காரர்களுக்காக எழுதப்பட்ட அந்தக் கேள்விகளை ஃப்ரீலான்ஸர் அப்படியே கடன் வாங்கலாம். எதற்கு, எந்த வழியில், எவ்வளவு பணத்துக்கு? இந்த மூன்றுக்கும் முன்கூட்டியே எழுத்தில் விடை இருந்தால் இரவு 9.40-க்கு யோசிக்கவே தேவையில்லை.

ஆப் செட்டிங் போதாதா?

வாட்ஸ்அப் பிசினஸில் ‘அவே மெசேஜ்’ வசதி இருக்கிறது. பிசினஸ் டூல்ஸ் பகுதியில் அதை ஆன் செய்து, ‘வேலை நேரத்துக்கு வெளியே மட்டும்’ என்று தேர்வு செய்தால், இரவில் மெசேஜ் அனுப்புகிறவருக்குத் தானாகவே ஒரு பதில் போகும். இதற்கு முதலில் பிசினஸ் புரொஃபைலில் வேலை நேரத்தைப் பதிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒரு சிக்கல். போனில் இணைய இணைப்பு இருந்தால்தான் அந்தத் தானியங்கிப் பதில் போகும். நம் டிசைனரின் சொந்த ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலை பக்கம் என்று வைத்துக்கொள்வோம். மலைக்கிராமங்கள் பலவற்றில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஊருக்குப் போன அன்று கிளையன்ட் அனுப்பும் மெசேஜ் ஒற்றை டிக்கோடு நின்றுவிடும், அவே மெசேஜும் போகாது. கிளையன்ட்டுக்குத் தெரிவது ‘ஆள் போனை ஆஃப் பண்ணிட்டார்’ என்பது மட்டும்தான்.

அதாவது, எந்த நாளில் விளக்கம் மிகவும் தேவையோ அந்த நாளில்தான் ஆப் கைவிடும். ஆப் செட்டிங் ஒரு நினைவூட்டல், அவ்வளவுதான். ஒப்பந்தம் அதற்கு முன்பே இருக்க வேண்டும்.

என்ன எழுத வேண்டும்?

நீளமான சட்ட ஆவணம் தேவையில்லை. வேலைக்கான விலைப்புள்ளி அனுப்பும்போதே, அதே மின்னஞ்சலில் அல்லது மெசேஜில், இப்படிச் சேர்க்கலாம்:

“வணக்கம் அண்ணா. வேலை தொடங்கும் முன் ஒரு சில விஷயங்களை எழுதி வச்சுக்கலாம்.

1. வேலை நேரம்: திங்கள் முதல் சனி வரை, இந்திய நேரம் காலை 10 முதல் மாலை 7 வரை.

2. மாலை 3 மணிக்குள் வரும் மெசேஜுக்கு அன்றே பதில் தருவேன். அதற்குப் பிறகு வந்தால் அடுத்த வேலை நாள் பகல் 12 மணிக்குள் பதில்.

3. பதில் என்றால், மெசேஜைப் பார்த்துவிட்டேன், வேலை எப்போது முடியும் என்று சொல்வது. வேலையே முடிந்துவிடும் என்று அர்த்தம் இல்லை.

4. அவசரம் என்பது இரண்டுதான்: சைட் திறக்கவில்லை, அல்லது பணம் கட்டும் பக்கம் வேலை செய்யவில்லை. இதற்கு மெசேஜ் வேண்டாம், போன் பண்ணுங்க. இரவு 10 வரை எடுப்பேன்.

5. வேலை நேரம் தாண்டிச் செய்யும் வேலைக்கு மணிக் கட்டணம் ஒன்றரை மடங்கு. குறைந்தது ஒரு மணி நேரம்.

6. நான் சிக்னல் இல்லாத ஊருக்குப் போகும் நாட்களை மூன்று நாள் முன்பே சொல்லிவிடுவேன். அந்த நாட்கள் வேலை நாள் கணக்கில் வராது.

சரின்னா ‘சம்மதம்’னு ஒரு பதில் போடுங்க.”

கடைசி வரி முக்கியம். நீங்கள் அனுப்பினீர்கள் என்பது மட்டும் போதாது; அவர் ஒப்புக்கொண்டார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மின்னணு வடிவில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. ஆனாலும் வாட்ஸ்அப்பில் அது பழைய மெசேஜ்களுக்குள் புதைந்துவிடும். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.

இதை வைத்து யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. சில ஆயிரம் ரூபாய் வேலைக்கு வழக்குச் செலவு கட்டுப்படியாகாது. இதன் உண்மையான பயன் பில் போடும் நாளில்தான் தெரியும்.

அந்த சனிக்கிழமை இரவு என்ன நடக்கும்?

மேலே உள்ள விதிப்படி, 9.40 மெசேஜுக்கு அடுத்த வேலை நாளான திங்கள் பகல் 12-க்குள் பதில் வர வேண்டும். விலை மாற்றம் அவசரப் பட்டியலிலும் இல்லை. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு ஜவுளிக்கடைக்கு என்ன நாள் என்று யோசியுங்கள். தவறான விலை ஒரு நாள் முழுக்க சைட்டில் இருந்தால் அவருக்கு நிஜமாகவே நஷ்டம்.

இங்கேதான் பல ஒப்பந்தங்கள் உடைகின்றன. கிளையன்ட் தொழிலின் சீசனைக் கேட்காமலே எழுதியதுதான் காரணம். தொடக்கத்திலேயே “உங்களுக்கு எந்த நாட்கள் ரொம்ப பிஸி?” என்று கேட்டு, ஏழாவதாக ஒரு வரி சேர்த்திருக்கலாம்: ‘தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம், ஞாயிறு உட்பட, இரவு 10 வரை விலை மாற்றம் செய்து தரப்படும், கட்டணம் ஒன்றரை மடங்கு.’

இப்போது கணக்கு எளிது. வழக்கமான மணிக் கட்டணம் 400 ரூபாய் என்றால் இந்த வேலைக்கு 600 ரூபாய். “செஞ்சிடலாம் அண்ணா, சீசன் கட்டணம் 600 வரும், ஓகேவா?” என்று கேட்டால் போதும். தேவை என்றால் அவர் ‘ஓகே’ சொல்வார். இல்லையென்றால் “திங்கக்கிழமையே பாத்துக்கலாம்” என்பார். நிஜமாகவே அவசரமா இல்லையா என்பதை அவரே முடிவு செய்கிறார்.

வெளிநாட்டு கிளையன்ட் என்றால்?

நேரத்தை எப்போதும் இந்திய நேரத்தில் எழுதுங்கள். ‘நியூயார்க் காலை 9 மணிக்கு கால்’ என்று ஒப்புக்கொண்டால், கோடையில் அது நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை மாற்றியதும் அதே கால் இரவு 7.30 ஆகிவிடும். யாரும் எதையும் மாற்றவில்லை, ஆனால் உங்கள் மாலையில் ஒரு மணி நேரம் காணாமல் போயிருக்கும். மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அப்படியேதான் இருக்கும்.

ஒப்பந்தம் உடைகிறது என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் முதலில் மீறுவது கிளையன்ட் இல்லை, நாம்தான். தூக்கம் வராத இரவு 11.30-க்கு “சும்மா ஒரு ரிப்ளைதானே” என்று அனுப்பிவிடுவோம். எழுதி வைத்த 7 மணியை விட, நீங்கள் நிஜமாகப் பதில் தந்த 11.30-தான் கிளையன்ட் மனதில் நிற்கும். இரவில்தான் வேலை ஓடும் என்றால் செய்யுங்கள். ஆனால் ஜிமெயிலின் ‘ஷெட்யூல் சென்ட்’ வசதியில் காலை 10 மணிக்குப் போகும்படி வைத்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை சாட்டைத் திறந்து, இரவு 7-க்குப் பிறகு நீங்கள் அனுப்பிய பதில்களையும், அதற்காக பில்லில் ஏறிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து பதில் போயிருந்து பில்லில் ஒன்றுமே இல்லை என்றால், அந்த ஒப்பந்தம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. அப்போது சண்டை வேண்டாம். “அண்ணா, போன மாசம் பத்து தடவை நேரம் தாண்டிப் போச்சு. நேரத்தை மாத்திக்கலாமா, இல்ல கட்டணத்தைச் சேத்துக்கலாமா?” என்று கேளுங்கள். வரும் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.