12 மணிக்கு நிழல் எங்கே? ஸ்கேல் யார் கையில்?

ஆய்வகம் இல்லாத கிராமப் பள்ளியில் அறிவியல் செயல்பாடு செய்ய என்ன பொருள் வாங்கலாம் என்று தோழர்கள் கேட்கிறார்கள். பொருளை விடுங்கள், முதலில் ஒரு கேள்வியைப் பிடியுங்கள் என்பதே எங்கள் பதில்.

நாஞ்சில் நாட்டில் ஒரு பள்ளியின் 7ஆம் வகுப்பில் நாங்கள் கேட்டது இதுதான்: உச்சிவெயிலில் நிழல் காலடிக்குள் வந்துவிடும் என்கிறோமே, அது எத்தனை மணிக்கு? எல்லாரும் "12 மணி" என்றார்கள். சரி என்றோ தப்பு என்றோ நாங்கள் சொல்லவில்லை. எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று மட்டும் கேட்டோம்.

20 செ.மீ. நேரான குச்சி, அதை நிறுத்தக் களிமண், பழைய காலண்டர் தாள், ஸ்கேல், நூலில் கட்டிய கல், ஒரு கடிகாரம். இவ்வளவு போதும். குமரி மாவட்டத்தில் ஏப்ரல் 11, செப்டம்பர் 1 ஆகிய நாட்களையொட்டி சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் 11.50 முதல் 12.50 வரை, 5 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைக்க வேண்டும்.

12 மணிக்கு நிழல் மறையாது. சுமார் 1.7 செ.மீ. நீளத்தில் மேற்கே கிடக்கும். 12.20 வாக்கில்தான் குச்சிக்குள் ஒடுங்கும். பிறகு கிழக்கே வளரும். ஏன் 20 நிமிடத் தாமதம்? இந்த இடத்தில் விடையைச் சொல்லிவிடாமல் இந்திய வரைபடத்தை விரியுங்கள். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கக்கோட்டின் நேரம். நாகர்கோவில் அதற்கு 5 பாகை மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். கணக்கைப் பிள்ளைகளே போடட்டும்.

12.20க்கும் நிழல் சில மில்லிமீட்டர் மிச்சமிருந்தால் முதலில் குச்சியைச் சந்தேகியுங்கள். ஒரு பாகை சாய்ந்தாலே சுமார் 3.5 மி.மீ. பிழை வரும். கல் கட்டிய நூலை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுப் பாருங்கள். மேகம் மூடினால் மறுநாள் செய்யலாம். ஒரு நாளில் வரும் மாற்றம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான்.

இன்னொரு சாய்வும் உண்டு. அது நூலுக்குப் பிடிபடாது. எங்கள் முதல் ஒத்திகையில் இடத்தைக் கூட்டியதும் களிமண் சுமந்ததும் காலனிப் பிள்ளைகள். ஸ்கேலும் நோட்டும் மற்றவர்கள் கையில். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, தானாக நடந்தது. அதுதான் எங்களைச் சுட்டது.

அதனால் திட்டத்தை மாற்றினோம். இடத்தைக் கூட்டுவது பெரியவர்கள் வேலை. நான்கு பேர் ஒரு குழு: நூல் பிடிப்பவர், புள்ளி வைப்பவர், அளப்பவர், எழுதுபவர். 15 நிமிடத்துக்கு ஒருமுறை வேலை மாறும். ஒரு மணி நேரத்தில் எல்லாரும் எல்லாம் செய்திருப்பார்கள். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அளந்தவர் பெயர் இருக்கும். அளவு ஒத்துவராவிட்டால் திரும்ப அளந்துதான் தீர்க்க வேண்டும், ஆளைப் பார்த்து அல்ல.

பொருள் பட்டியல் எழுதும்போதே வேலைப் பட்டியலையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் அதை ஊர் எழுதிவிடும்.