‘ஒரு பங்கு’ என்றால் எத்தனை ரூபாய்?

“விற்பனையில் ஒரு பங்கு ஏழை மாணவர்களுக்கு” என்று விளம்பரம் போடும் கடைக்காரர்கள் தொகையைச் சொல்ல வேண்டியதில்லை என்கிறார் விளம்பரத் தொழிலில் இருக்கும் நண்பர். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாதாம். கணக்குச் சொன்னால் அது தம்பட்டமாம். அதோடு, “லிட்டர் எண்ணெய்க்கு ரெண்டு ரூபாதானா?” என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பாராம்.

கை மறைத்துக் கொடுப்பவர் விளம்பரமே போடமாட்டார். ‘மாணவருக்கு உதவுகிறோம்’ என்று படம் போட்டு, அதைக் காட்டிப் பொருளை விற்றுவிட்டு, தொகை கேட்கும்போது மட்டும் அடக்கம் பேசுவது பச்சை ஏமாற்று. அது கடைக்காரர் தனியாகச் செய்த தர்மமும் இல்லை. அந்த வாசகத்தை நம்பிப் பக்கத்துக் கடையை விட்டு இங்கே வந்தவரின் பணமும் அதில் இருக்கிறது.

கணக்குச் சொன்னால் தம்பட்டம் என்று புதுக்கோட்டைக்காரர்களிடமா சொல்வது? வடகாடு, கீரமங்கலம், கொத்தமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்துக்குப் போனவருக்குத் தெரியும். பந்தி ஒரு பக்கம் நடக்கும். இன்னொரு பக்கம் நோட்டு விரித்து, ஊர், பேர், தொகை என்று வரிவரியாக எழுதுவார்கள். அந்த எழுத்தை யாரும் தம்பட்டம் என்று சொன்னதில்லை. எழுதாவிட்டால்தான் சண்டை வரும். வம்பன் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் ஒருவர் 2021-ல் கொரோனா நிவாரணத்துக்காக மொய் விருந்தே நடத்தினார். தர்மமும் கணக்கும் ஒன்றாகப் போகும் ஊர் இது.

அடுத்து, ‘ஒரு பங்கு’. ஆலங்குடியில் ஒருவர் செக்குக் கடலை எண்ணெய் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டர் 315 ரூபாய். அதில் 15 ரூபாய் ஜி.எஸ்.டி. எல்லாச் செலவும் போக அவருக்கு நிற்பது 20 ரூபாய். ‘பத்து சதவீதம் தர்மத்துக்கு’ என்று அவர் எழுதினால், வாங்குபவர் 31 ரூபாய் 50 காசு என்று நினைப்பார். வரியைக் கழித்தால் 30 ரூபாய். லாபத்தில் பத்து சதவீதம் என்றால் 2 ரூபாய். ஒரே வாசகத்துக்குள் 31 ரூபாய் 50 காசும் ஒளிந்திருக்கிறது, 2 ரூபாயும் ஒளிந்திருக்கிறது. இதைத்தான் நண்பர் ‘விவரம் தேவையில்லை’ என்கிறார். லாபத்தில் பங்கு என்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: அந்த மாதம் லாபமே இல்லை என்று கணக்கு எழுதிவிட்டால் மாணவர்களுக்குப் போவது பூஜ்யம். ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு ரூபாயில் எழுத வேண்டும்.

அப்படியானால் விளம்பரப் பதிவு எப்படி இருக்க வேண்டும்? இப்படி:

“ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, எங்கள் கடையில் விற்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 5 ரூபாய், இன்ன ஊர் அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் செலுத்துவோம். உச்சவரம்பு இல்லை. திரும்பி வந்த டின்கள் கணக்கில் சேராது. பணம் எங்கள் பெயரில் செலுத்தப்படும். வாங்குவோர் வரிச்சலுகை கோர முடியாது.”

செப்டம்பரில் இரண்டாவது பதிவு: “விற்றது 1,240 லிட்டர். திரும்பியது 12. மீதி 1,228. ஐந்தால் பெருக்கினால் 6,140 ரூபாய். செலுத்திய ரசீது படத்தில்.” இந்த இரண்டாவது பதிவைத்தான் பெரும்பாலோர் போடுவதில்லை. அது வராவிட்டால் முதல் பதிவு வெறும் விற்பனைத் தந்திரம்.

உச்சவரம்பு உண்டா இல்லையா என்று சொல்லும்படி நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் யோப்லே என்ற தயிர் நிறுவனம், மூடியை அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் 50 சென்ட் மார்பகப் புற்றுநோய் அமைப்புக்கு என்று விளம்பரம் செய்தது. தொண்ணூறு லட்சத்துக்கும் மேல் மூடிகள் வந்தன. ஆனால் நிறுவனம் ஒரு லட்சம் டாலரோடு நிறுத்திக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியவில்லை. ஜார்ஜியா மாநில அரசு தலையிட்ட பிறகு நிறுவனம் கூடுதல் பணம் கொடுக்க நேர்ந்தது. 2012-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் வெளியிட்ட நெறிமுறைகள், சமூக ஊடகப் பதிவுகளிலும் நன்கொடை விவரம் தெளிவாக இருக்க வேண்டும், கடைசியில் எவ்வளவு திரண்டது என்று சொல்ல வேண்டும் என்றன. நம் நாட்டிலும் 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், முக்கியத் தகவலை மறைத்து ஏமாற்றுவதைத் தடுக்கின்றன.

‘ரெண்டு ரூபாதானா’ என்று முகம் சுளிப்பவருக்கு அந்த உரிமை உண்டு. ரெண்டு ரூபாயைச் சொல்ல வெட்கப்படுகிற கடைக்காரர் ஐந்தாக்கட்டும், அல்லது தர்மத்தின் பேரைச் சொல்லாமல் எண்ணெயின் தரத்தைச் சொல்லி விற்கட்டும். இரண்டும் நேர்மைதான். மாணவர்களின் படத்தைப் போட்டுத் தொகையை மறைப்பது நேர்மை இல்லை. நண்பர் தன் யோசனையைத் திரும்பப் பெற வேண்டும்.

வாசகர்களிடம் கேட்பது இதுதான்: இனி இப்படியொரு பதிவு கண்ணில் பட்டால், பகிரும் முன் ‘ஒன்றுக்கு எத்தனை ரூபாய், எந்தத் தேதி வரை, யார் கணக்குக்கு?’ என்று அந்தக் கடைக்காரரிடமே கேளுங்கள். பதில் வராவிட்டால் பகிராதீர்கள்.